யூரியாவின் மரண அறிவித்தல்: ஒரு ஆய்வுச் சுருக்கம் எழுதிய கதை

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருசமாகிறது. போட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பாடசாலைப் பிள்ளைகளின் செயற்றிட்டம் என்று பகல் முழுக்க ஏதாவது ஒரு வேலை இருக்கும். ஆனால் கடைக்கு அவசரமாக ஓடி வருபவர்கள் பெரும்பாலும் மரண அறிவித்தல் அடிக்கத்தான் வருவார்கள். ஒரு துண்டில் பெயர்களை எழுதிக்கொண்டு, சேர்ட் பொக்கற்றில் ஒரு அடையாள அட்டைப் படத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அரை மணித்தியாலத்தில் கையில் கொடுத்துவிட வேண்டும். அதனால் அந்த அறிவித்தலின் வசனம் எனக்கு மனப்பாடம். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் அவர்கள் இன்ன திகதி காலமானார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார். கடைசியில் ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்’, அதற்குக் கீழே ‘தகவல்: குடும்பத்தினர்’. மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் முட்டை வடிவத்தில் படம்.

இந்த வசனத்தைப் பற்றித்தான் நான் ஒரு ஆய்வு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினேன். மாநாட்டின் பொருள் மீம் பண்பாடும் அன்றாட அரசியல் தொடர்பாடலும். ஊடகக் கற்கையை வெளிவாரியாகப் படித்து முடித்தவள் நான், இது என் முதல் கட்டுரை. அதை 250 சொல்லுக்குள் எழுத எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஏன் அவ்வளவு எடுத்தது என்பதை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த மீமைச் சொல்கிறேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் அதைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் எங்கள் பக்கம் காலபோகம் விதைத்தாகிவிட்டது. விதைத்து இரண்டு கிழமையளவில் முதல் யூரியா எறிய வேண்டும், பிறகும் தவணை தவணையாக எறிய வேண்டும். இரணைமடுத் தண்ணீரும் மழையும் இருந்தும் பயிர் மஞ்சளடித்து நின்றது. கமநல சேவை நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவில் சனம் அலைந்து திரிந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரு நாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மரண அறிவித்தல்தான். ‘கப்பலைப் பிறப்பிடமாகவும், கமநல சேவை நிலையத்தை வதிவிடமாகவும் கொண்ட திரு. யூரியா (50 கிலோ) அவர்கள் காலமானார். அன்னார் ரி.எஸ்.பி., எம்.ஓ.பி. ஆகியோரின் அன்புச் சகோதரரும் ஆவார். தகவல்: நெற்பயிர்.’ நடுவில் படம் இருக்கும் இடத்தில் ஒரு வெறும் யூரியாப் பை.

நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் அண்ணா அதை மூன்று குழுவுக்கு அனுப்பினார். பிறகு இரவு திரும்பவும் எடுத்துப் பார்த்தபோதுதான் இடப்பக்க விளக்கு கண்ணில் பட்டது. எங்கள் கடையில் நான் செய்த வார்ப்புருவில் வலப்பக்க விளக்கைப் பிரதி எடுத்துப் புரட்டி இடப்பக்கம் வைத்திருந்தேன், அதனால் இரண்டு சுடரும் உள்ளே பார்த்துச் சாய்ந்திருக்கும். அதே சுடர். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். யூரியாவைப் பற்றிய வசனமெல்லாம் போனில் வரும் சாதாரண யுனிகோட் எழுத்து. ஆனால் கீழே மூலையில் ஒரு வரி மட்டும் நாங்கள் கடைக் கணினியில் பாவிக்கும் பாமினி எழுத்தில் இருந்தது, அதுவும் மங்கலாக, பாதி வெட்டுப்பட்டு. ஒரு ஊர்ப் பெயரும் இறுதிக்கிரியை நடக்கும் நேரமும்.

விசயம் விளங்கிவிட்டது. நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும்போது முகநூலில் போட ஒரு ஜேபெக் படமும் அனுப்புவோம். அப்படி அனுப்பிய ஒரு உண்மையான அறிவித்தலை யாரோ எடுத்து, வசனத்துக்கு மேல் வெள்ளைப் பெட்டி வைத்து மூடி, அதன் மேல் யூரியாவை எழுதியிருக்கிறார்கள். கடைசி வரியை மூட மறந்துவிட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து அந்த வீட்டு அக்கா கடைக்கு வந்தா, அந்தியேட்டி அழைப்பிதழ் அடிக்க. வேலை முடிந்து காசு தரும்போது போனைத் திறந்து காட்டினா. “இது எங்கட அப்பாவின்ர தானே?” என்று கேட்டா. நான் ஓம் என்றேன். அவ கோபப்படவில்லை. “அப்பாவும் யூரியாவுக்கு அலைஞ்சு திரிஞ்சவர்தான். இதைப் பாத்திருந்தா அவரும் சிரிச்சிருப்பார். ஆனா அந்த இடத்தில வேற பேர் இருக்கிறதை எனக்குப் பாக்கேலாது பிள்ளை” என்றா. நான் என்ன சொல்வது. மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து கடையில் படம் அனுப்பும்போது நடுவில் கடைப் பெயரை மெல்லிசாகப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

மூன்று வருசம் கழித்து மாநாட்டு அறிவித்தலைக் கண்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது இதில் ஒரு சொல்லும் வரவில்லை. நான் எழுதிய முதல் சுருக்கம் 1976-ல் ரிச்சர்ட் டோக்கின்ஸ் ‘மீம்’ என்ற சொல்லை உருவாக்கினார் என்று தொடங்கியது. மரபணு எப்படிப் பிரதியெடுத்துப் பரவுகிறதோ அப்படிப் பண்பாட்டுக் கூறும் பரவுகிறது என்று விளக்கம். பிறகு சமூக ஊடகங்களின் வளர்ச்சி பற்றி நாலு வசனம். பிறகு வடிவேலுவின் முகம் இல்லாமல் தமிழ் மீம் இல்லை என்றொரு வசனம். கடைசியில் ‘வன்னி இளைஞர்கள் மீம்களின் ஊடாக எவ்வாறு எதிர்ப்பை வெளிப்படுத்துகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராயும்’. சரியாக 250 சொல்.

எனக்குப் படிப்பித்த மிஸ்ஸிடம் காட்டினேன். அவ வாசித்துவிட்டுக் கடைசி வசனத்தைத் தொட்டுக் காட்டினா. “ஆராயும் எண்டு எழுதியிருக்கிறீர். ஆராய்ஞ்சு என்ன கண்டனீர்? அதைத்தானே வாசிக்கிறவருக்குச் சொல்ல வேணும்.” பிறகு இன்னொன்றும் கேட்டா. “எதிர்ப்பு எண்டு ஆர் சொன்னது? நீரா, அனுப்பினவையளா?”

இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. முதல் கேள்வி எழுத்து வேலை சம்பந்தப்பட்டது. மாநாட்டுக்கு வரும் சுருக்கங்களை வாசிப்பவர் ஒரே இருப்பில் ஐம்பது, அறுபது வாசிப்பார். அவருக்கு டோக்கின்ஸ் யார் என்று தெரியும். என் கையில் என்ன பொருள் இருக்கிறது, அதை எப்படிச் சேர்த்தேன், அதில் என்ன கண்டேன், அது எதுவரை செல்லும் என்ற நான்கும்தான் அவருக்கு வேண்டும். என் 250 சொல்லில் இந்த நான்குக்கும் சேர்த்து ஒரு வசனம்தான் இருந்தது. இரண்டாவது கேள்விதான் என்னை இரண்டு மாதம் இழுத்தது, அதற்குத் திரும்பவும் படங்களிடம் போக வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் இந்த மீம்கள் பொதுவெளியில் கிடக்காது. முகநூல் பக்கங்களில் இருப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வந்தவை. ஊருக்குள் செய்தவை வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு, விளையாட்டுக் கழகக் குழு, கமக்காரர் அமைப்புக் குழு என்று சுற்றும், ஸ்டேட்டஸில் இருந்தால் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். தேடிப் பிடிக்க வழி இல்லை, படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலிலும் அகப்படாது. ஆகவே எனக்குத் தெரிந்த 8 பேரிடம் கேட்டு, அவர்களின் பக்கத்தில் இருந்து, அவர்களின் கையாலேயே போன் கலரியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தோம். ஒரு படம் வரும்போது அது ஆரிடம் இருந்து வந்தது, ஆருக்கு அனுப்பினார்கள், ஆருக்கு அனுப்பாமல் விட்டார்கள் என்று கதைத்தோம். மூன்றாவது கேள்விக்குத்தான் எப்போதும் நீளமான பதில் வரும்.

இப்படிப் பார்த்ததில் மரண அறிவித்தல் வடிவத்தில் இருந்தவை மட்டும் 11 சேர்ந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று அடுக்குவதற்குக் கோப்பின் பெயர் உதவியது. அன்ரொயிட் போனில் வாட்ஸ்அப் படம் இப்படிச் சேமிக்கப்படும்:

```
IMG-20220318-WA0007.jpg
IMG-20240923-WA0031.jpg
```

நடுவில் உள்ள எட்டு இலக்கம் வருசம், மாதம், நாள். WA-க்குப் பின்னால் வருவது அன்றைய தொடர் இலக்கம். ஆனால் அது படம் அந்தப் போனுக்கு வந்து சேர்ந்த நாளே தவிர, படம் செய்யப்பட்ட நாள் அல்ல. அதனால் ஒரே படம் எட்டுப் போனில் எட்டுத் திகதியில் இருக்கலாம், அவற்றில் மிக முந்திய திகதியைத்தான் ‘இதற்குப் பிந்தாமல் செய்யப்பட்டது’ என்று சொல்லலாம். ‘பல முறை அனுப்பப்பட்டது’ என்று காட்டும் இரட்டை அம்புக்குறியையும் முதலில் நம்பினேன். ஒரு செய்தி ஐந்து கை தாண்டினால் அது வரும். ஆனால் படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினால் எண்ணிக்கை மீண்டும் முதலில் இருந்து தொடங்கும், எங்கள் சனம் அப்படித்தான் நிறையச் செய்கிறது. அதைவிடப் படத்தின் மங்கல் நல்ல சாட்சி. அப்படிப் புதிதாக ஏற்றும் ஒவ்வொரு தரமும் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால் எழுத்தின் ஓரம் கரைந்துகொண்டே போகும்.

அப்புறம் எழுத்துரு. கடைக் கணினியில் செய்தவை பாமினியில் இருக்கும். பாமினி பழைய முறை, விசைப்பலகையில் `mk;kh` என்று தட்டினால் திரையில் ‘அம்மா’ வரும். போனில் அந்த எழுத்து பொதுவாக இருக்காது. ஆகவே முழுக்கப் பாமினியில் இருக்கும் மீம் யாரோ ஒரு அச்சகத்திலோ கடையிலோ வேலை நேரத்தில் செய்தது. முழுக்க யுனிகோட் என்றால் பெரும்பாலும் போனில் செய்தது. ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் அடியில் ஒரு உண்மையான வீட்டின் சாவு இருக்கிறது என்று அர்த்தம். 11-ல் 3 அப்படி இருந்தன. அந்த மூன்றையும் நான் ஆய்வில் சேர்க்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

இனி, அவை என்ன சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். யூரியாவுக்குப் பிறகு 2022-ல் மண்ணெண்ணெய்யின் முறை வந்தது. எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் என்பது வயலுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைப்பது, முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் கடலுக்குப் போவது. அது கிடைக்காமல் போனபோது ஒரு அறிவித்தல், ஆகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானபோது அதற்கே ஒரு அந்தியேட்டி அழைப்பிதழ். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது மின்சாரத்துக்கு ஒன்று. சமையல் வாயு சிலிண்டருக்கு ஒன்று. எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு நாள் உண்மையான ஒரு அறிவித்தலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதுதான் அது பிடிபட்டது. இந்த வசனத்தில் கொன்றவருக்கு இடமே இல்லை.

‘காலமானார்’ என்பது தன்வினை. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதும் அப்படித்தான். விபத்தில் செத்தாலும், வருத்தத்தில் செத்தாலும், யார் கையால் செத்தாலும் அறிவித்தலில் அவர் காலமானார், அவ்வளவுதான். இது செத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை. மீம் செய்தவர் இந்த மரியாதையைக் கடன் வாங்குகிறார். யூரியா காலமானார் என்று எழுதும்போது தடை போட்டவரின் பெயரை எழுத வேண்டிய தேவையே வரவில்லை. வாசிக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரை மனதுக்குள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட முகங்களை வைத்துச் செய்யும் மீமில் ஒருவர் அடிப்பார், ஒருவர் அடி வாங்குவார், இரண்டு முகத்துக்கும் மேல் பெயர் எழுதியாக வேண்டும். அறிவித்தல் வடிவத்தில் அது தேவையில்லை.

1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கும் ஊரில், முகநூலில் ஒரு படத்தைப் பகிர்ந்ததற்காகப் பிடிபட்டவர்களின் கதை தெரிந்த ஊரில், 2024 பெப்ரவரியில் இருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊரில், பெயர் எழுதாமல் பேசக் கிடைத்த ஒரு வசனம் சின்ன விசயம் அல்ல. என்னோடு கதைத்த ஒரு அண்ணா சொன்னார்: “இதில என்ன பிழை கண்டுபிடிக்கிறது? யூரியா செத்துப்போச்சு எண்டு தானே போட்டிருக்கு.” இதை நான் எதிர்ப்பு என்று எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எதிர்ப்பு எண்டா ஏதோ செய்யப் போற மாதிரி இருக்கு. இது நாங்கள் கதைக்கிறது” என்றார். மிஸ்ஸின் இரண்டாவது கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். சுருக்கத்தில் இருந்து ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை எடுத்தேன். ‘பேச்சு’ என்று போட்டேன்.

இங்கே ஒரு ஆய்வாளரின் பெயரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பிரிப்பு இல்லாமல் அடுத்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்திராது. லிமோர் சிவ்மன் 2013-ல் எழுதிய ஒரு கட்டுரையில் மீமை உள்ளடக்கம், வடிவம், நிலைப்பாடு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். என்ன சொல்லப்படுகிறது, எந்த உருவத்தில் சொல்லப்படுகிறது, சொல்பவர் அதில் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறார். வாசிக்கும்போது மூன்றாவது எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தது. சிலிண்டர் படம் அதைக் காட்டிக்கொடுத்தது.

மேலே நான் கொடுத்த இரண்டு கோப்புப் பெயரும் ஒரே படத்தினுடையவை, ஒரே போனில் இருந்தவை. 2022 மார்ச்சில் ‘திரு. சிலிண்டர் காலமானார்’ என்றால் அது சமைக்க வாயு இல்லாத கதை. எங்கள் கிராமங்களில் விறகு இருந்ததால் அது அவ்வளவு ஓடவில்லை, ரவுணில் இருப்பவர்கள்தான் அனுப்பினார்கள். 2024 செப்டெம்பர் 21-ல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாகச் சிலிண்டர் சின்னத்தில் நின்று தோற்றார். முடிவு வந்த மறுநாள் அதே பழைய படம், ஒரு எழுத்தும் மாறாமல், இன்னும் மங்கலாகித் திரும்பி வந்தது. உள்ளடக்கமும் வடிவமும் அப்படியே இருக்க, இரங்கல் மட்டும் தலைகீழாகிவிட்டது. முதல் தரம் அனுப்பியவர் சிலிண்டர் இல்லாமல் தவித்தவர். இரண்டாம் தரம் அனுப்பியவர் சிலிண்டர் போனதில் சந்தோசப்பட்டவர். படத்தை மட்டும் சேர்த்து வைத்து ஆராய்ந்திருந்தால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டிருப்பேன்.

அதே வருசம் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு, தமிழரசுக் கட்சியின் சின்னமான ‘வீடு’ காலமான அறிவித்தல் வந்தது. கிளிநொச்சி மாவட்டம் வன்னியில் இருந்தாலும் வாக்குப் போடுவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள். அங்கே ஆறு ஆசனத்தில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது, தமிழரசுக் கட்சிக்கு ஒன்றுதான். அறிவித்தலில் தோற்றம் 1949 என்று கட்சி தொடங்கிய வருசத்தைச் சரியாகப் போட்டிருந்தார்கள். என்னோடு இருந்து பார்த்தவர்களில் மூன்று பேரிடம் அந்தப் படம் இருந்தது. ஒருவர் சிரிப்புக் குறியோடு அனுப்பியிருந்தார், அவர் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டவர். இன்னொருவர் அதே படத்தை ‘இது சிரிக்கிற விசயம் இல்லை’ என்று ஒரு வரியோடு அனுப்பியிருந்தார். மூன்றாமவர் எதுவும் எழுதாமல் தன் தகப்பனுக்கு மட்டும் அனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டேன். “அப்பா அறுபது வருசமா வீட்டுக்குத்தான் போடுறவர். அவர் என்ன சொல்லுறார் எண்டு பாக்க” என்றார். தகப்பன் பதில் போடவில்லையாம், அடுத்த நாள் போன் எடுத்து வேறு விசயம் கதைத்தாராம். அந்தப் பேசாமல் விட்டதையும் நான் அரசியல் தொடர்பாடல் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அது எந்தத் திரையிலும் பதிவாகாது, பக்கத்தில் இருந்து கேட்டால்தான் வரும்.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்று நெருடிக்கொண்டிருந்தது. மரண அறிவித்தல் எல்லா ஊரிலும் இருக்கிறது, இதில் வன்னி எங்கே வருகிறது? அதற்குப் பதில் எங்கள் பெரியம்மாவிடம் இருந்தது, எனக்குத்தான் கேட்கத் தைரியம் வர நாள் எடுத்தது. யூரியாப் படம் ஓடிய நாட்களிலேயே அவ எனக்குச் சொன்னவ, “இந்த மாதிரிப் படத்தை எனக்கு அனுப்பாதை பிள்ளை” என்று. அவவின் மகன், என் அண்ணா, 2009-க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அவருக்கு நாங்கள் அறிவித்தல் அடிக்கவில்லை. மரணச் சான்றிதழும் எடுக்கவில்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20-ல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது பெரியம்மாவும் போய் இருந்தவ. அந்த அம்மாக்கள் மரணச் சான்றிதழை வேண்டாம் என்று சொல்வது, காலமானார் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல மறுப்பதுதான். எங்கே, யாரிடம் கையளித்தோம், என்ன செய்தார்கள் என்று கேட்கிறார்கள். செய்தவர் இல்லாத வசனம் அவர்களுக்கு வேண்டாம்.

இதை விளங்கிக்கொண்டபோது எனக்குக் கை நடுங்கியது. யூரியா மீமுக்கு எந்த இலக்கணம் பாதுகாப்பாக இருந்ததோ, அதே இலக்கணம் பெரியம்மாவுக்கு அநியாயமாக இருக்கிறது. ஒருவர் பெயர் சொல்லாமல் தப்புவதற்குப் பயன்படுத்தும் வசனம், இன்னொருவருக்குப் பெயர் சொல்லாமல் தப்பவிடும் வசனம். இரண்டும் ஒரே குடும்பக் குழுவில், ஒரே போனில் நடக்கிறது. இந்த வடிவம் வன்னிக்குள் சுற்றும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பாக இருக்க முடியாது. பெரியம்மாவிடம் கேட்டேன், இதை ஆய்வில் எழுதட்டா என்று. “என்ர பேரைப் போடாமல் எழுது. அனுப்பாதை எண்டு சொன்னதை எழுது” என்றா. பேரைப் போடவில்லை, இங்கேயும்.

கடைசியில் அனுப்பிய சுருக்கம் இதுதான்:

‘வன்னியில் 2021 முதல் 2024 வரை வாட்ஸ்அப் ஊடாகப் பகிரப்பட்ட, மரண அறிவித்தலின் வடிவத்தைக் கொண்ட அரசியல் மீம்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 8 பேருடன் அவர்களது கைபேசிப் படத்தொகுப்பைப் பின்னோக்கிப் பார்த்து உரையாடியதன் மூலம் 11 படங்கள் கிடைத்தன. உண்மையான அறிவித்தல்களின் மேல் செய்யப்பட்ட 3 படங்கள் உள்ளடக்க ஆய்விலிருந்து விலக்கப்பட்டன. கட்டுரை இரண்டு முடிவுகளை முன்வைக்கிறது. முதலாவது, “காலமானார்” என்ற வினைமுற்று காரணமானவரைக் குறிப்பிடாமலே விமர்சனத்தைச் சாத்தியமாக்குகிறது. காரணமானவரின் பெயரை வாசிப்பவரே நிரப்பிக்கொள்கிறார். பகிர்ந்தவர்கள் இதை எதிர்ப்பாக அல்ல, பேச்சாகக் கருதுகின்றனர். இரண்டாவது, ஒரே படம் மாற்றமின்றி மீண்டும் பகிரப்படும்போது அதன் நிலைப்பாடு தலைகீழாகலாம். எனவே நிலைப்பாட்டைப் படத்தில் அல்ல, யார் யாருக்கு எந்த வரியோடு அனுப்பினார் அல்லது அனுப்பாமல் விட்டார் என்பதில் தேட வேண்டியுள்ளது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களில் இவ்வடிவம் மறுக்கப்படுவது இதன் எல்லையைக் காட்டுகிறது. தெரிந்தவர்கள் ஊடாகச் சேர்க்கப்பட்ட சிறு தொகுப்பு என்பதால் பரவலின் அளவு பற்றி இக்கட்டுரை எதுவும் கூறவில்லை.’

எண்ணிப் பார்த்தால் 250 சொல்லுக்கு நல்லாகவே குறைவு. முதல் தரம் 250-ஐ நிரப்பியும் ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் ஒரு சொல்லுக்குள் வேற்றுமையும் காலமும் இடமும் போய் உட்கார்ந்துவிடுவதால், ஆங்கிலத்துக்கு வைத்த சொல் எல்லைக்குள் தமிழில் கூடவே சொல்லலாம். ஆங்கிலப் பிரதியும் கேட்டார்கள், அதை எழுதும்போதுதான் கஷ்டப்பட்டேன், ‘காலமானார்’ என்பதற்கு அங்கே ஒரு சொல் போட்டால் என் முதல் முடிவே விளங்காமல் போய்விடும். கடைசியில் அந்தச் சொல்லை ஒலிபெயர்த்துப் போட்டு, அதற்கு மட்டும் ஒரு முழு வசனம் செலவழித்தேன்.

ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார், உரையில் படங்களைக் காட்டுவீர்களா என்று. காட்டப் போவதில்லை. அந்த 8 பேரும் எனக்குக் காட்டியது பக்கத்தில் இருந்து பார்க்க, மண்டபத் திரையில் போட அல்ல. கடையில் ஒரு வெறும் வார்ப்புரு செய்துகொண்டிருக்கிறேன், எங்கள் விளக்கு இல்லாமல், பிறப்பிடம், வதிவிடம், தோற்றம், மறைவு எல்லாம் கோடாக விட்டு. ‘காலமானார்’ மட்டும் பாமினியில் எழுதியிருக்கிறது. நேற்று அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது தருமபுரத்தில் இருந்து ஒரு ஐயா துண்டோடு வந்தார். அந்தக் கோப்பை மூடிவிட்டு அவருடைய துண்டை வாங்கினேன்.